கருத்துக் கேட்கும் அட்டையும் கைச்சிறு அன்பளிப்பும்

சென்ற ஆண்டு நான் அஞ்சலில் வரவழைத்த ஒரு மின்விளக்கின் பெட்டிக்குள் பளபளப்பான சீட்டொன்று இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டிருந்தார்கள். 'எங்கள் பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டு, அதன் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். நூறு ரூபாய் உங்கள் கணக்கில் சேரும்' என்பது அதன் சாரம். விளக்கைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அதைப் புகழ எனக்கு விலை பேசப்பட்டுவிட்டது.

அதே சமயத்தில், தில்லியில் காப்பித்தூள் அரைத்து விற்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள், காரணம் விளங்கவில்லை. தூள் வாங்குவோரிடம் கருத்துக் கேட்டு, கேட்டதற்கு நன்றியாகச் சிறிது கொடுக்க எண்ணினார். 'அலுவலகத்தில் நாள்தோறும் மொழிபெயர்க்கிறீர்களே, இதற்கும் நாலு வரி எழுதித் தாருங்கள்' என்றார். நாலு வரிதானே என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மூன்று மாலைப் பொழுதுகள் பிடித்தன.

முதல் தடை, கொடுக்கப்படும் பொருளுக்குப் பெயர் வைப்பதில் வந்தது. 'பரிசு' என்றால் போட்டியும் வெற்றியும் நினைவுக்கு வருகின்றன. பத்துப் பேர் எழுதி ஒருவருக்குக் கிடைப்பது பரிசு. 'இனாம்' என்பதில் வாங்குவோரைத் தாழ்த்தும் தொனி உண்டு. 'சன்மானம்' புலவருக்கும் எழுத்தாளருக்கும் உரியது. 'அன்பளிப்பு' நல்ல சொல்தான். ஆனால் அலுவலகங்களில் அது வேறொரு பொருளிலும் வழங்கிவருவதை நேயர்கள் அறிவார்கள். முடிவில், 'தங்கள் நேரத்திற்கு நன்றியாக' என்று எழுதி, பொருளின் பெயரையே அடுத்து வைத்தேன். ஐம்பது கிராம் தூள் என்றால் ஐம்பது கிராம் தூள்; அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 'பின்னூட்டம்' என்ற புதுச்சொல்லையும் விலக்கினேன். 'கருத்து' என்பது எல்லோர்க்கும் புரிகிறது.

அடுத்து, எப்பொழுது கொடுப்பது? எழுதித் தந்தபின் கொடுக்கலாம் என்றார் நண்பர். வணிகர் எவரும் அவ்வாறே நினைப்பார்கள். ஆனால் இத்துறையில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவில் சிறு கட்டடத் தொழில் நிறுவனத்தாரிடம் அஞ்சல்வழிக் கேள்வித்தாள் அனுப்பி நடத்திய ஓர் ஆய்வு 1992-இல் வெளிவந்தது. உறைக்குள்ளேயே ஒரு டாலர் வைத்து அனுப்பப்பட்டவர்களில் பதில் எழுதியோர், பதில் எழுதினால் ஐம்பது டாலர் தருவதாக வாக்களிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் மிகுதி. முன்னதாக வந்த சிறுதொகை ஒரு மரியாதை. கையில் வாங்கியபின் பதில் சொல்லாமலிருக்க மனம் ஒப்புவதில்லை. பின்னர் வருமென்ற பெருந்தொகையோ கூலி. அந்த வேலைக்கு அந்தக் கூலி போதுமா என்று மனம் கணக்குப் பார்க்கிறது.

கூலி பெரிதாகும்போது இன்னொரு கேடும் சேர்கிறது. பொருளுக்காகவே எழுதுவோர் கேள்வியைப் படிப்பதில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே வரிசையில் குறியிட்டுத் தள்ளிவிடுவார்கள். 'தூள் மிகவும் நன்று' என்பதற்கும் 'தூளில் குறை உண்டு' என்பதற்கும் ஒருவர் ஒருங்கே 'ஆம்' என்று குறித்திருந்தால், அந்த அட்டையை ஒதுக்கி வைப்பதே முறை.

இனி, என் விளக்குப் பெட்டியிலிருந்த சீட்டுக்கு வருவோம். அங்கே பணம் கருத்துக்கு அன்று, புகழுரைக்கு. இவ்வேறுபாட்டைச் சட்டமும் காண்கிறது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் செய்த விதி, புகழ்ந்தோ இகழ்ந்தோ எழுதவேண்டுமென்ற நிபந்தனையோடு பொருள் கொடுத்து மதிப்புரை பெறுவதைத் தடுக்கிறது. நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் இணையவழி மதிப்புரைகளுக்காக ஐ.எஸ். 19000 என்னும் தரக்கோட்பாட்டை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய மதிப்புரையை வெளியிடலாகாது என்பது அதிலுள்ள ஒரு விதி. அந்நாளில் அது விரும்பி ஏற்பதாகவே அமைந்தது, கட்டாயம் ஆக்கப்படவில்லை.

இதைவிடக் கொடியது, கடையே இல்லாத அட்டை. கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் ஆண்டுவிழா, நான்கு கேள்விக்கு விடை சொன்னால் பரிசு. விடை எதுவாயினும் சரியே. அதுவே முதல் அடையாளம். பிறகு பெட்டிகளில் ஒன்றைத் தொடச் சொல்லும்; பரிசு விழுந்துவிடும். செய்தியை இத்தனை நண்பர்களுக்கு அனுப்பினால்தான் கிடைக்கும் என்னும். இறுதியில் வங்கி விவரமோ, சிறு அனுப்புக் கட்டணமோ, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணோ கேட்கும். 2022 ஏப்ரலில் அஞ்சல் துறை தன் பெயரால் இவ்வாறு உலவிய கேள்விப் போலிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணம் கை மாறிச் செல்ல இடந்தரும். வேற்று மாநிலத்தில் தனியே வாழும் முதியோர்க்குத் தாய்மொழியில் இத்தகைய செய்தி வந்தால், ஊரார் ஒருவர் எழுதியதென்றே நம்பிவிடுகிறார்கள். ஆகவே நேர்மையான கடைக்காரரும் இன்று தம் அட்டையில், தாம் எதைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு எழுதிய வாசகம் இது: 'அன்புடையீர், எங்கள் காப்பித்தூளைப் பற்றித் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம். பின்புறம் நான்கு கேள்விகள் உள்ளன. இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். குறையாயினும் நிறையாயினும் எழுதுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டியதில்லை. தங்கள் நேரத்திற்கு நன்றியாக ஐம்பது கிராம் தூள் இப்பையில் வைத்திருக்கிறோம். அட்டையைத் தராவிடினும் அது தங்களுடையதே. அடுத்த முறை வரும்போது வாயிலிலுள்ள பெட்டியில் இடுக.'

கேள்விகளையும் திருத்த நேர்ந்தது. 'எங்கள் தூளின் உயர்ந்த சுவையும் நியாயமான விலையும் திருப்தி அளிக்கின்றனவா?' என்று நண்பர் எழுதியிருந்தார். இதில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. விடையும் முன்னதாகவே சொல்லப்பட்டுவிட்டது. சுவைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று எனப் பிரித்து, 'உயர்ந்த', 'நியாயமான' என்ற சொற்களை நீக்கினோம். நான்காவது கேள்வியின் கீழ் வெற்று வரிகள் மட்டும் விட்டோம்.

அட்டைகளில் பாதிக்குக் குறைவாகவே திரும்பின. பெரும்பாலோர் மகிழ்ச்சி தெரிவித்திருந்தார்கள். ஒருவர் சிக்கரி மிகுதி என்றார், ஒருவர் குறைவு என்றார். நண்பருக்கு மனநிறைவு. எனக்கோ ஐயம் தீரவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கல்லவா அட்டை கிடைத்தது? வருவதை நிறுத்தியவர் கையில் அது எப்படிச் சேரும்? அன்பளிப்பு எத்தனை நன்றாயினும் இந்தக் குறையை அதனால் ஈடுசெய்ய இயலாது.

வீட்டுக்குத் தூள் அனுப்பிய பழைய குறிப்பேட்டை எடுத்து, நின்றுபோனவர்களுக்கு நண்பர் தாமே பேசினார். மூவர் ஒன்றையே சொன்னார்கள்: 'தூள் மாவாக இருக்கிறது, காலையில் வெந்நீர் ஊற்றினால் பில்டரில் இறங்குவதே இல்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிடுகிறது.' அவ்வாண்டுத் தொடக்கத்தில் அரைவை இயந்திரத்தின் தட்டுக்களை மாற்றியிருந்தார்கள். அரைவை மிக நுண்மையாகிவிட்டது. இரவிலேயே வெந்நீர் ஊற்றி வைக்கும் வீட்டார்க்கு அது தெரியவில்லை. அவர்களே மகிழ்ந்து அட்டை எழுதியவர்கள். மறுநாள் தட்டுக்களின் இடைவெளியைச் சற்றே தளர்த்தினார்கள். குறிப்பேட்டிலிருந்த முகவரிகளுக்கு, புதிய அரைவையில் ஐம்பது கிராமும் ஓர் அட்டையும் போயின.