கப்பலேறும் கடலை மிட்டாய்: முதல் மின்னஞ்சலில் எழுத வேண்டியவை

வெளிநாட்டுத் தமிழர் கடைகளுக்குச் சரக்கு தரும் இறக்குமதியாளர், பலகாரம் செய்பவரின் மின்னஞ்சலில் முதலில் தேடுவது சுவையின் வருணனையை அல்ல. சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயை ஒருவர் லண்டனுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அது ஆறு மாதம் கெடாது என்றும் வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் கப்பலேறி, சுங்கம் கடந்து, கிடங்கு சேர இரண்டு மாதம் ஆனால், விற்க மிஞ்சுவது நான்கு மாதமே. ஆகவே, "ஆர்டர் வந்தபின் தயாரிப்போம்; கிடங்கில் இறங்கும்போது நான்கு மாதம் மிச்சமிருக்கும்" என்று எழுதுவதே அவருக்குப் பயன்படும்.

அடுத்த கவலை கடலையிலேயே இருக்கிறது. சரியாகக் காயாத நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் பிரிட்டன் அனுமதிப்பதில்லை. மீறிய சரக்கு விற்பனைக்குப் போகாது, நஷ்டம் இறக்குமதியாளர் தலையில் விழும். எனவே அனுப்பப்போகும் அதே தொகுப்பின் ஆய்வக அறிக்கையைத் தருவதாக மின்னஞ்சல் உறுதி சொல்ல வேண்டும். போன வருட அறிக்கையால் பயனில்லை.

உறையின் படமும் உடன் செல்ல வேண்டும். சேர்பொருள் பட்டியலில் நிலக்கடலை தனித்துத் தெரியும்படி அச்சாகியிருப்பது அங்கே கட்டாயம். அதே கூடத்தில் எள்ளுருண்டையும் பிடிப்பவர் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

விலையைக் கடைசியில் எழுதலாம். ஆனால் அது தூத்துக்குடியில் கப்பலேற்றும் வரைக்குமா, பிரிட்டன் துறைமுகம் வரைக்குமா என்று குறிப்பிடாத விலையை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.