அழைப்பிதழில் யார் பெயர்?

ஒரு பள்ளியின் பழைய மாணவர் சங்கம் ஆண்டு விழாவுக்கு நானூறு பேரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டுக் கடிதத்தைத் திருத்தி, ‘மெயில் மெர்ஜ்’ முறையில் பெயர்களை நிரப்ப வேண்டும். கையில் இருப்பது ஆங்கிலத்தில் தட்டிய பட்டியல். யார் ஆண், யார் பெண், யார் மூத்தவர் என்று அதில் இல்லை.

பட்டியலில் First Name, Last Name என்று இரண்டு பத்திகள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவம் கேட்கிறதே என்று இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ எழுதிவிடுகிறோம். ஜோதி மாணிக்கம் என்பவருக்கு ‘திரு. மாணிக்கம்’ என்று கடிதம் போனால், அது அவருடைய அப்பாவை அழைக்கிறது. அப்பா காலமாகியிருந்தால் அந்தக் கடிதம் வீட்டாரை நோகடிக்கும். முதல் கட்டத்தில் வெறும் K என்று இட்டவருக்கோ ‘அன்புள்ள K’ என்று போகும். இரண்டு பத்திகளையும் சேர்த்து, முழுப் பெயரையும் அவர் கொடுத்த வரிசையிலேயே அச்சிடுவதுதான் சரி.

முன்னெழுத்தைத் தமிழாக்குவதில் கவனம் தேவை. S என்பது சண்முகத்தின் ச, சுப்பையாவின் சு, செல்லப்பாவின் செ, ஸ்டீபனின் ஸ் என எதுவாகவும் இருக்கலாம். ஊகித்து மாற்றினால் தந்தையின் பெயரையே மாற்றியதாகும். தெரியாதபோது ‘எஸ்.’ என்று ஒலியை எழுதுவதே நேர்மை. Dr. என்பதும் அப்படித்தான்: முனைவரா, மருத்துவரா என்று தெரியாவிட்டால் ‘டாக்டர்’ என்றே இருக்கட்டும்.

ஜோதி, அருள், மதி, எழில் ஆகிய பெயர்கள் இரு பாலாருக்கும் உண்டு. அதனால் பழைய கடிதத்தில் இருந்த ‘திரு’வை நீக்க வேண்டும். அதை மொத்தமாகத் தேடி அழித்தால் திருமலை வெறும் ‘மலை’ ஆகிவிடுவார். ‘செல்வி’யை அழித்தால் அந்தப் பெயருள்ளவரே காணாமல் போவார். புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த ‘திரு. ’ என்பதை மட்டும் தேடுங்கள். ‘செல்வி’யைக் கண்ணால் பார்த்தே நீக்குங்கள்.

நீக்கிய இடத்தில் மரியாதை குறையாமலிருக்க, பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ சேர்த்தால் போதும். அது பாலைச் சொல்லாது. இளையவருக்கும் மூத்தவருக்கும் பொருந்தும். வேற்றுமை உருபின் தொல்லையையும் அது தீர்க்கிறது. «பெயர்»க்கு என்று வைத்தால் ஜோதிக்கு சரியாக வரும். முருகன் ‘முருகன்க்கு’ ஆவார், செல்வம் ‘செல்வம்க்கு’ ஆவார். «பெயர்» அவர்களுக்கு என்று வைத்தால் பெயர் எப்படி முடிந்தாலும் பிழை வராது.

விளிக்க ‘அன்புடையீர்’, உள்ளே முழுக்கத் ‘தாங்கள்’. பிறகு கடிதத்தின் உடலைப் படியுங்கள். ‘தங்கள் மனைவியுடன் வருக’ போன்ற வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதைக் ‘குடும்பத்தினருடன்’ என்று மாற்றுங்கள். கடைசியில், ‘தங்கள் பெயரும் முன்னெழுத்தும் தமிழில் எப்படி இருக்க வேண்டும்?’ என்று ஒரு வரி கேட்டு வைத்தால், வரும் பதில்களைக் கொண்டு அடுத்த ஆண்டுக்குள் பட்டியலைத் திருத்திவிடலாம்.