600 ரூபாயில் எத்தனை தோசை, எத்தனை டீ?

பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில் சமநோக்கு வளைகோடு என்ற பாடம் வந்ததும் பல மாணவர்கள் செய்வது ஒன்றுதான். படத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒரு சாய்கோடு, அதைத் தொட்டபடி ஒரு வளைகோடு, தொடும் புள்ளிக்கு E என்று பெயர், நுகர்வோர் சமநிலை. மதிப்பெண் வந்துவிடும். அந்த E ஏன் அங்கே இருக்கிறது, சற்று மேலேயோ கீழேயோ ஏன் இல்லை என்று கேட்டால் பதில் வராது. பாடத்தின் சாரமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் படத்தை ஒதுக்கிவைத்து, கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி. மாதக் கைச்செலவு 600 ரூபாய். அதை அவள் இரண்டே பொருள்களுக்குத்தான் செலவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: வெளியே சாப்பிடும் மசால் தோசை, விலை 60 ரூபாய், டீ, விலை 15 ரூபாய். உலகில் இரண்டு பொருள்தானா என்று கேட்கலாம். தாளில் இரண்டு அச்சுகள்தான் வரைய முடியும் என்பதே இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம்.

முழுப் பணத்துக்கும் தோசை என்றால் 10. முழுவதும் டீ என்றால் 40. கிடைமட்ட அச்சில் தோசை, செங்குத்து அச்சில் டீ. 10-ஐயும் 40-ஐயும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுதான் வரவு செலவுக் கோடு. விலைக்கோடு என்றும் சொல்வார்கள். கோட்டின் மேலுள்ள எந்தப் புள்ளியும் சரியாக 600 ரூபாய்க்கு வரும். கோட்டுக்கு உள்ளே நின்றால் பணம் மிஞ்சும். வெளியே போக அவளிடம் காசு இல்லை.

இந்தக் கோட்டில் அவளுடைய ஆசையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பணமும் கடைக்காரர் வைத்த விலையும் மட்டுமே அதை வரைகின்றன. ஒரு தோசை கூடுதலாக வேண்டுமென்றால் 4 டீயை விட வேண்டும், ஏனென்றால் 60-ஐ 15-ஆல் வகுத்தால் 4. அதுதான் கோட்டின் சாய்வு. அப்பா 900 ரூபாய் அனுப்பினாலும் இந்த 4 மாறாது. கோடு அதே சாய்வோடு வெளியே நகர்ந்து 15 தோசையையும் 60 டீயையும் தொடும். தோசை விலை 75 ஆனால் கதை வேறு. 600 ரூபாய்க்கு 40 டீ என்ற முனை அசையாது. தோசை முனை மட்டும் 10-லிருந்து 8-க்கு உள்வாங்கும். ஒரு தோசைக்கு இனி 5 டீ. பணம் மாறினால் கோடு நகரும், விலை மாறினால் கோடு திரும்பும். தேர்வில் அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். எந்த விலையை எதனால் வகுப்பது என்ற சந்தேகம் வந்தால், ‘ஒரு தோசைக்கு எத்தனை டீ’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்.

இனி ஆசையின் பக்கம். இதுவரை அவள் பழக்கத்தில் வாங்கியது 2 தோசை, 32 டீ (120-ம் 480-ம் சேர்த்து 600). அவளிடம் ஒரு கேள்வி: “இன்னும் 2 தோசை தருகிறேன். பதிலுக்கு எத்தனை டீயை எடுத்துக்கொண்டால் உனக்கு லாபமுமில்லை நஷ்டமுமில்லை என்று இருக்கும்?” யோசித்துவிட்டு 16 என்கிறாள். அதாவது 2 தோசை-32 டீ, 4 தோசை-16 டீ இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். மேலும் 4 தோசை கொடுத்தால்? இம்முறை 8 டீக்கு மேல் விடமாட்டேன் என்கிறாள். 8 தோசை, 8 டீ. இந்த மூன்று புள்ளிகளையும் இழைத்தால் ஒரு சமநோக்கு வளைகோடு. அதன்மேல் எங்கே நின்றாலும் அவளுக்கு ஒரே திருப்தி.

அவள் விட்டுக்கொடுத்ததைக் கவனியுங்கள். தோசை அரிதாக இருந்தபோது தோசைக்கு 8 டீ வீதம் விட்டாள். தோசை சேர்ந்த பிறகு தோசைக்கு 2 டீதான். இதைத்தான் பாடநூல் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம் குறைந்துகொண்டே போகிறது என்கிறது. கோடு நேராக இல்லாமல் உள்நோக்கி வளைவதற்கும் இதுவே காரணம்.

வளைகோடு ஒன்று மட்டுமல்ல. புவியியல் வரைபடத்தில் கொடைக்கானல் மலையைச் சுற்றி அடுக்கடுக்காகச் சமஉயரக் கோடுகள் இருக்குமே, அப்படி இவளுக்கும் அடுக்கடுக்காக உண்டு. வெளியே போகப் போகத் திருப்தி கூடும். ஆனால் மலையின் உயரத்தை மீட்டரில் சொல்லலாம், திருப்தியைச் சொல்ல முடியாது. தேவையும் இல்லை: எது மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும். இப்படிப்பட்ட வளைகோட்டை 1881-இல் எட்ஜ்வொர்த் நூலில் கொண்டுவந்தபோது, இன்பத்தை அளந்துவிடலாம் என்றே நம்பினார். அளவை வேண்டாம், வரிசை போதும் என்று கண்டவர் இத்தாலியரான பரேட்டோ. அதை இன்று நாம் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஹிக்ஸும் ஆலனும் 1934-இல் எழுதிய கட்டுரை.

ஒருவருடைய இரண்டு வளைகோடுகள் ஏன் வெட்டிக்கொள்ளாது? வெட்டினால் அந்தப் புள்ளி இரண்டு கோட்டுக்கும் சொந்தம். அப்போது இரண்டு கோடுகளிலும் உள்ள எல்லாப் புள்ளிகளும் அவளுக்குச் சமம் என்றாகிவிடும். ஆனால் வெட்டிய இடத்தைத் தாண்டினால் ஒரு கோடு மற்றதற்கு மேலே போகிறது. அங்கே தோசையும் கூட, டீயும் கூட. கூடுதலாக இருப்பதும் குறைவாக இருப்பதும் சமம் என்று எந்த மாணவியும் சொல்லமாட்டாள்.

இப்போது இரண்டையும் ஒரே தாளில் வையுங்கள். 2 தோசை-32 டீயும் 600 ரூபாய். 8 தோசை-8 டீயும் (480-ம் 120-ம்) 600 ரூபாய். அதாவது வளைகோடு நம் நேர்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. நடுவிலிருக்கும் 4 தோசை-16 டீ எவ்வளவு? 240-ம் 240-ம், 480 ரூபாய். அவளே ‘எனக்கு ஒன்றுதான்’ என்று சொன்ன அதே திருப்தி, 120 ரூபாய் குறைவாக! பழக்கத்தில் 32 டீ குடித்துக்கொண்டிருந்தவள் மாதம் 120 ரூபாயை வீணாக்கிக்கொண்டிருந்தாள்.

மிஞ்சிய 120 ரூபாய்க்கு ஒரு தோசையும் 4 டீயும் வாங்கலாம். மொத்தம் 5 தோசை, 20 டீ, சரியாக 600 ரூபாய். பழைய கோட்டைவிட மேலான வளைகோட்டுக்கு ஏறிவிட்டாள். இன்னும் மேலே போக முடியுமா? அந்த இடத்தில் நின்று கேட்டுப்பார்க்க வேண்டும்: இன்னொரு தோசைக்கு எத்தனை டீ விடுவாய்? இவள் ரசனை முன்பு சொன்ன போக்கிலேயே இருந்தால் விடை ஏறக்குறைய 4. கடையும் 4 தான் கேட்கிறது. மனம் சொல்லும் மாற்று வீதமும் சந்தை சொல்லும் மாற்று வீதமும் ஒன்றாகிவிட்டன. இனி எந்தப் பக்கம் மாற்றினாலும் ஆதாயம் இல்லை. பாடநூலில் உள்ள E இதுதான். 2 தோசையில் நின்றபோது தோசைக்கு 8 டீ விடவும் தயாராக இருந்தாள், கடை கேட்டதோ 4; அந்த இடைவெளி இருக்கும் வரை நகர்ந்துகொண்டே இருக்கலாம். வளைகோடு நேர்கோட்டை வெட்டினால் இடைவெளி மிச்சமிருக்கிறது என்று பொருள். தொட்டால் தீர்ந்துவிட்டது.

எல்லாரும் தொடுபுள்ளியில்தான் நிற்பார்கள் என்று இதை விதியாக்கிவிடக் கூடாது. டீயே பிடிக்காதவள் 10 தோசையும் வாங்கிக் கோட்டின் மூலையில் நிற்பாள்; அங்கே தொடுதலும் இல்லை, சமமும் இல்லை, இருந்தும் அவளுக்கு அதுவே சிறந்த இடம். கோடே உடைந்திருக்கும் இடங்களும் உண்டு. நம் ஊரில் அதற்கு ரேஷன் கடையைவிட நல்ல உதாரணம் இல்லை.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு ரேஷன் அரிசி இலவசம். மாதம் 20 கிலோ கிடைக்கும் வீடு, கையில் 10,000 ரூபாய், வெளிச்சந்தையில் அரிசி கிலோ 50 என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்தில் அரிசி, செங்குத்தில் மற்ற செலவுக்கான பணம். 20 கிலோ வரை அரிசி எடுத்தாலும் 10,000 குறையாது, ஆகவே கோடு படுத்தே போகிறது. அதற்குப் பிறகு கிலோவுக்கு 50 வீதம் இறங்குகிறது. 20 கிலோவில் ஒரு முனை, முழங்கை போல.

அரிசிக்குப் பதில் 1,000 ரூபாய் பணமாகக் கொடுத்தால்? கோடு 11,000-இல் தொடங்கி நேராக இறங்கும். 20 கிலோவுக்குப் பிறகு இரண்டு கோடுகளும் ஒன்றே. மாதம் 30 கிலோ சாப்பிடும் வீட்டுக்கு எது கொடுத்தாலும் கையில் மிஞ்சுவது 9,500. இரவில் சப்பாத்தி சாப்பிடும், 12 கிலோவே போதுமான வீட்டுக்கோ, பணமாகக் கிடைத்தால் 10,400 மிஞ்சும். அரிசியாகக் கிடைத்தால் 10,000-மும் தேவைக்கு மேல் 8 கிலோவும். அந்த 8 கிலோ மாவு மில்லுக்கோ கோழித் தீவனத்துக்கோ கைமாறுவது இந்த முனையினால்தான். அட்டைதாரரின் நேர்மையைப் பற்றிப் பேசுமுன் கோட்டின் வடிவத்தைப் பார்ப்பது நல்லது.

ஆனாலும் ‘அரிசியை நிறுத்திப் பணம் கொடு’ என்ற முடிவுக்கு இந்தப் படத்தை வைத்துத் தாவுவது அவசரம் என்பேன். கிலோ 50 என்று நாம் வைத்தது மாறாத விலை. அது 65 ஆகிவிட்டால் 1,000 ரூபாய்க்கு 16 கிலோ கூட வராது; அரிசியாகக் கிடைப்பவருக்கு 20 கிலோ 20 கிலோதான். ரேஷன் அரிசியும் கடைப் பொன்னியும் ஒரே பொருள் என்று வேறு எடுத்துக்கொண்டோம். சமைப்பவர் யாரும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். இந்த விவாதம் அடுத்த முறை காதில் விழுந்தால், பேசுகிறவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: நீங்கள் சொல்லும் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ அரிசி ஆகிறது?