முதல் பக்கத்தில் என்ன தெரிகிறது?

புதிதாக முதலீடு தொடங்குபவர் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் முகப்புப் பக்கத்தை. 'இன்றைய லாபம்', 'இன்றைய நஷ்டம்' என்று பச்சையும் சிவப்பும் மாறி மாறி மின்னினால் மனம் அலைபாயும். மியூச்சுவல் ஃபண்டின் என்.ஏ.வி. வேலை நாளுக்கு ஒருமுறைதான் அறிவிக்கப்படுகிறது. பகலில் பத்து முறை திறந்தாலும் புதிதாக எதுவும் தெரியாது.

அமைதியான செயலி மூன்று விவரங்களை முன்னால் வைக்கும்: போட்ட பணம், இன்றைய மதிப்பு, XIRR எனப்படும் ஆண்டு வருமான விகிதம்.

கடைசி விவரம் ஏன் முக்கியம்? ஒருவர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 12 மாதம் எஸ்.ஐ.பி. கட்டுகிறார். போட்டது 60,000, ஆண்டு முடிவில் மதிப்பு 63,200. செயலி வெறுமனே 5.3 சதவீதம் என்று காட்டினால், வங்கி டெபாசிட்டே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் தவணைதான் முழு ஆண்டும் உழைத்தது. கடைசித் தவணைக்கு ஒரே மாதம்தான். அதைக் கணக்கில் கொள்ளும் XIRR சுமார் 10 சதவீதம். ஓராண்டு நிறையாத முதலீட்டில் மட்டும் இந்த எண்ணை நம்ப வேண்டாம். சிறு ஏற்றத்தையும் ஊதிக் காட்டும்.

அடுத்தது, விவரங்களைச் சேர்க்கும் வழி. என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் டீமேட் பங்குகளும் ஃபண்டுகளும் ஒன்றாக இருக்கும். அந்த பி.டி.எஃப்.பை ஏற்கும் செயலி போதும். மின்னஞ்சல் முழுவதையும் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நிறுவியதும் விலை அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, எஸ்.ஐ.பி. தவணை நினைவூட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.