பத்திரம் முடிந்த பிறகு ஒரு கடிதம்

வீடு விற்றுக்கொடுத்த தரகர் பலர், கமிஷன் கைக்கு வந்ததும் காணாமல் போய்விடுவார்கள். விற்றவருக்கோ வேலை அதோடு முடிவதில்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்கியவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டியிருப்பார். 70 லட்சம் வீட்டுக்கு அது 70,000 ரூபாய். அதற்கான சான்றிதழ் விற்றவர் கையில் வர வாரக்கணக்கில் ஆகும். நன்றிக் கடிதத்துக்கு அதுதான் சரியான நேரம். பதிவு நாளன்றே பாராட்டு கேட்பது எனக்கு அவசரமாகத்தான் படுகிறது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அம்மா. வரிச் சான்றிதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கணக்குத் தாக்கலுக்கு வேண்டும், பத்திரமாக வையுங்கள். மின் இணைப்பும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது. என்னை நம்பிச் சாவியைக் கொடுத்ததற்கு நன்றி. நேரமிருந்தால், இந்த விற்பனையில் எது சுலபமாக இருந்தது, எது சிரமமாக இருந்தது என்று நாலு வரி எழுதித் தருவீர்களா? பெயர் போடலாமா என்பதையும் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை.”

‘நல்லா எழுதுங்க’ என்று கேட்டால் ‘நல்ல மனிதர்’ என்ற ஒற்றை வரிதான் வரும். சிரமத்தையும் கேட்டால் விவரம் வரும்: முன்பணம் தாமதமானது, மூலப்பத்திரம் தேடி அலைந்தது. அடுத்து விற்க வருகிறவர் படிப்பது அதைத்தான். பதிலுக்குக் கமிஷனில் தள்ளுபடி தருவதாகச் சொன்னால், வருவது விலைக்கு வாங்கிய பாராட்டு.