கீரைக்காரப் பாட்டியின் சந்தம்

காலை ஆறரை மணிக்குச் சென்னையில் எங்கள் தெருவுக்குள் முதலில் நுழைவது ஒரு குரல். கூடை பின்னால்தான் வரும். “அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரேஏஏஏ…” இந்தக் கூவலைக் கவிதையாக்க வேண்டும் என்று தமிழ் மன்றத்தில் எங்களுக்குப் பணி கொடுத்தார் தமிழாசிரியை. எளிதென்று எண்ணினோம். “கீரை விற்கும் பாட்டி கூவிக்கூவி வருகிறாள்” என்று எழுதிக்கொண்டு போனோம். “இதில் பாட்டி இருக்கிறாள், குரல் எங்கே?” என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் வாசலில் நின்று காதால் கேட்டோம். பிறகு அசை பிரித்தோம். அப்போதுதான் வியப்பு. அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை மூன்றுமே நிரை, நேர், நேர். மூன்றும் புளிமாங்காய்ச் சீர்! யாப்பிலக்கணம் படிக்காத பாட்டி ஒரே அளவுள்ள மூன்று சீர்களை வரிசையாகக் கோத்திருக்கிறார். ஆனால் சந்தத்தில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. முதலிரண்டும் ‘தனத்தானா’ என்று ‘க்கீ’யில் இடித்து நிற்கின்றன. மூன்றாவது ‘தனதானா’ என்று வழுக்கிச் செல்கிறது. அங்கே ககரமும் மெலிந்தே ஒலிக்கிறது. இரண்டு இடி, ஒரு வழுக்கல், பிறகு நீட்டம்: கூவலின் இசை இதுதான்.

நீட்டத்தைத்தான் எழுத்தில் பிடிக்க முடியவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்திருக்கிறோம். பாட்டியின் ஏகாரத்தை விரல் நொடித்து எண்ணினால் ஒன்பது, பத்து என்று போகிறது! இதற்கு இலக்கணத்தில் இடமுண்டா? உண்டு. இசையிலும், விளித்து அழைப்பதிலும், பண்டம் விற்கக் கூவுவதிலும் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் விதி செய்திருக்கிறார். தெருவில் கூவுகிறவர்களையும் அவர் மறக்கவில்லை.

‘கீரை’ ஏன் ‘கீரே’ ஆகிறது என்பதையும் கூவிப் பார்த்தே அறிந்தோம். ஐகாரத்தை நீட்டினால் அது இகரத்தில் போய் ஒடுங்கிவிடுகிறது. ஏகாரமோ எவ்வளவு நீட்டினாலும் ஏகாரமாகவே நிற்கும். ஆகவே கவிதையில் ‘ரே’ என்றே எழுதினோம். முதலில் பன்னிரண்டு ‘ஏ’ போட்டோம். படித்தவள் திக்கினாள், வகுப்பே சிரித்தது. மூன்று ‘ஏ’யும் சில புள்ளிகளும் போதும், மிச்சத்தை வாசிப்பவரின் மூச்சு பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, தெருவின் மற்ற ஒலிகள். கடலை வண்டிக்காரர் கரண்டியால் இரும்புச் சட்டியைத் தட்டும் ‘டங் டங்’, பேருந்தின் ‘பாம்’, அடிபம்பின் ‘லொடக்’ எல்லாவற்றையும் அள்ளிப் போட்டோம். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதே என்று ஒருத்தி தடை சொன்னாள். ஒலியை அப்படியே காட்டும்போது அந்தத் தடை தளரும். திருப்புகழில் அருணகிரிநாதர் பறையொலிகளை எழுத்தாக்கவில்லையா? ஆயினும் உரக்கப் படித்தபோது சந்தைக் கூச்சல்தான் கேட்டது. கடலை வண்டி வருவது மாலையில். கீரையோடு அதற்கென்ன வேலை? பாட்டி வரும் வேளையில் கேட்கும் ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டோம். அடிக்கும் பம்புக்கு வல்லினத்தில் முடியும் ‘லொடக்’; ஓடும் நீருக்கு இடையினம் உருளும் ‘சளசள’. ‘சளசள’ இரட்டைக்கிளவி, ‘சள’ என்று தனியே பிரித்தால் பொருள் தராது.

லொடக்லொடக் என்றடிக்கும் பம்பின் பாட்டு
சளசளெனக் குடம்நிறையும் நீரின் பாட்டு
அரைக்கீரை! முளைக்கீரை! சிறுகீ ரேஏஏஏ…
தெருமுனையில் திரும்புகிறாள் எங்கள் பாட்டி.

இதைப் பாட்டியிடமே படித்துக் காட்டினோம். மூன்றாம் அடி வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “என்ன கண்ணு, என்னைக் கிண்டல் பண்றீங்களா?” என்றார். எங்களுக்குத் தொண்டை அடைத்தது. குரலைப் படித்தவள் மூக்கால் இழுத்து நடித்திருந்தாள், தவறு அங்கேதான். நடிப்பில்லாமல், புள்ளியிட்ட இடத்தில் மூச்சை மட்டும் விட்டு, இன்னொருத்தி மீண்டும் படித்தாள். பாட்டி கூடையை இறக்கி வைத்தார்.

“மொதல்ல சொல்றது கீழ் வீட்டுக்கு. கடைசியில இழுக்கிறது மாடி வீட்டுக்கு” என்று விளக்கினார். பிறகு, “மணத்தக்காளிய ஏன் விட்டுட்டீங்க? இன்னிக்கு அதுதானே நெறைய இருக்கு” என்றார்.

அதில் நான்கு அசை, எங்கள் அடியில் அடங்காது பாட்டி என்றோம். அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தபடியே கூவினார்: “மணத்தக்கா… ளீஈஈஈ…”

நிரை, நேர், நேர். அப்புறம் நீட்டம்.