காவிரிப் படுகையில் வரன் மறுப்பு மொழி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களில் உறவினரோ தரகரோ கொண்டுவந்த வரனை மறுக்க நேர்ந்தால், 'வேண்டாம்' என்னும் சொல் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. மறுப்பு எதிர்வீட்டாரை மட்டுமன்றித் தூது வந்தவரின் மதிப்பையும் தொடுவதே இதற்குக் காரணம். பாரிமகளிரை மணக்குமாறு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் வேண்டியதைப் புறநானூறு (200-202) காட்டுகிறது. உடன்படாத இருங்கோவேளிடம், புலவரை இகழ்ந்தமையால் அவன் முன்னோரது அரையம் அழிந்ததைக் கபிலர் நினைவூட்டுகிறார். மறுப்பின் சுமை தூதர்மேல் விழுந்ததற்கு இது பழஞ்சான்று.

இச்சுமையை இறக்கிவைக்கும் இடமாக இன்று ஜாதகம் பயன்படுகிறது. 'ஜாதகம் பொருந்தவில்லை' என்றால் குறை எவர்மேலும் விழாது. தூது வந்தவரும் அதை அப்படியே போய்ச் சொல்லலாம். ஆயினும் காரணத்தை விரித்துரைப்பதில் இடர் உண்டு. ரஜ்ஜுப் பொருத்தம் பிறந்த நட்சத்திரத்தை மட்டும் கொண்டு பார்க்கப்படுவது. பெண் ரோகிணி, பிள்ளை அஸ்தம் எனில் இரண்டும் கண்ட ரஜ்ஜு. 'ரஜ்ஜு தட்டுகிறது' என்பது மெய்யான காரணம். பிள்ளை மகம் எனில் அது பாத ரஜ்ஜு. அப்போது அவ்வாறு சொன்னால் பஞ்சாங்கம் வைத்திருக்கும் எவரும் பொய்யைக் கண்டுகொள்வர். எனவே பொருத்தத்தின் பெயரைச் சொல்லாது, 'எங்கள் ஜோசியர் திருப்தியாகச் சொல்லவில்லை' என நிறுத்துவதே பாதுகாப்பானது. ஜோசியருக்கு ஜோசியர் கணிப்பு வேறுபடும் என்பது இருவீட்டாரும் ஒப்புக்கொண்டதே. ஜாதகத்தையும் உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும். வைத்துக்கொண்டிருந்தால் நம்பிக்கை வளரும்.

பெண் பார்த்தபின் இவ்வழி அடைபட்டுவிடுகிறது. பொருத்தம் பார்த்த பின்னரே வந்தார்கள் என்பது ஊரறிந்தது. அந்நிலையில் ஜாதகத்தைக் காரணங்காட்டினால், பெண்ணைப் பிடிக்கவில்லை என்பதே செய்தியாகும். 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்னும் வாய்பாடு இங்குதான் பிறக்கிறது. கடிதம் வாராமையே விடை. இது மென்மையாகத் தோன்றினும், காத்திருக்கும் பெண்வீட்டார் வேறு வரன் தேடாது நாள்களை இழப்பதால் கொடியதே. குலதெய்வத்தின்முன் பூக்கட்டிப் பார்த்து, 'உத்தரவு கிடைக்கவில்லை' எனத் தெரிவிப்பது இதனினும் நேர்மையானது, விடையேனும் கிடைக்கிறது.

'தை பிறக்கட்டும்' என்பதன் பொருள் மாதத்தைப் பொறுத்தது. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் காலம் அது. கார்த்திகையில் சொன்னால் உண்மையான தவணையாக இருக்கலாம். ஆவணியில் சொன்னால், இடையில் ஐப்பசி முகூர்த்தங்களும் இருப்பதால், மறுப்பெனவே கொள்ளப்படும்.

முறைமாப்பிள்ளை, முறைப்பெண் உறவில் இவ்வாய்பாடுகள் பெரிதும் உதவுவதில்லை. 'சொந்தத்தில் ஜாதகம் பார்ப்பதில்லை' என்னும் வழக்கு முதற்கதவையே மூடிவிடுகிறது. தாய்மாமனே கேட்டு வரும்போது தவணை சொல்வதும் அவமதிப்பாகும். அங்கே 'சொந்தத்தில் செய்யக்கூடாதென்று டாக்டர் சொல்கிறார்' என்னும் புதிய காரணம் ஜோசியரின் இடத்தைப் பிடித்துள்ளது.